மீதி 1 வந்தால் நம்பலாமா?

91 பகா எண்ணா, பகு எண்ணா? கால்குலேட்டரைத் தொடாமல் சொல்லச் சொன்னால் நிறையப் பேர் பகா எண் என்று சொல்லிவிடுவார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கிறது. ஒற்றைப்படை எண், 5-இல் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் 10 வருவதால் 3-ஆலும் வகுபடாது. ஏழாம் வாய்ப்பாட்டைப் பத்தோடு நிறுத்திப் பழகியதால் 7 × 13 = 91 என்பது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

சரி, சந்தேகம் வந்தால் வகுத்துப் பார்க்கலாம். 91-இன் வர்க்கமூலம் பத்துக்குள் அடங்கிவிடும். எனவே 2, 3, 5, 7 என்று நான்கு முறை வகுத்தால் விஷயம் முடிந்தது. ஆனால் வங்கிச் செயலியும் இணையதளங்களும் நம்பியிருக்கும் ஆர்எஸ்ஏ பூட்டுக்கு இந்த முறை உதவாது. 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி ஒன்றைச் செய்ய ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்கள் வேண்டும். 300 இலக்க எண்ணை வகுத்துப் பார்ப்பது என்றால் 150 இலக்க எண்கள் வரை ஒவ்வொன்றாக முயல வேண்டும். உலகத்துக் கணினிகளை எல்லாம் சேர்த்து ஓட்டினாலும் நடக்காது. ஆனாலும் ஒரு சாதாரண மடிக்கணினி அப்படிப்பட்ட பகா எண்களைச் சில நொடிகளில் தேடிக் கொடுத்துவிடுகிறது. எப்படி?

அது எண்ணை உடைத்துப் பார்ப்பதே இல்லை. எண்ணிடம் ஒரு கேள்வி கேட்டு, பகா எண் சொல்லியே ஆக வேண்டிய பதில் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறது.

ஃபெர்மா சொன்ன விதி

பியர் தெ ஃபெர்மா பிரான்சின் துலூஸ் நகரில் நீதித்துறையில் இருந்தவர். கணக்கு அவருக்கு ஓய்வு நேர வேலை. 1640 அக்டோபரில் நண்பர் ஃபிரெனிக்கிளுக்கு எழுதிய கடிதத்தில் இந்த விதியைச் சொன்னார். நிரூபணத்தை அனுப்பவில்லை. அச்சில் முதல் நிரூபணத்தைத் தந்தவர் ஆய்லர், அதுவும் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து.

விதி இதுதான். p ஒரு பகா எண். a என்பது p-ஆல் வகுபடாத ஏதோ ஒரு முழு எண். a-வை p − 1 முறை பெருக்கி, வந்ததை p-ஆல் வகுத்தால் மீதி எப்போதும் 1.

p = 7, a = 3 என்று வைத்துப் பார்ப்போம். 3⁶ = 729. ஏழால் வகுத்தால் 7 × 104 = 728, மீதி 1. இந்த 728-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

ஏன் இப்படி? 1 முதல் 6 வரை உள்ள எண்களை மூன்றால் பெருக்குங்கள். 3, 6, 9, 12, 15, 18. ஒவ்வொன்றையும் ஏழால் வகுத்து மீதியை மட்டும் எழுதினால் 3, 6, 2, 5, 1, 4. அதே ஆறு எண்கள், வரிசை மட்டும் மாறியிருக்கிறது. இது தற்செயல் இல்லை. இரண்டு இடங்களில் ஒரே மீதி வந்திருந்தால், அந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தை மூன்றால் பெருக்கியது ஏழால் வகுபட வேண்டும். 3 ஏழால் வகுபடாது, ஆறுக்கு உட்பட்ட வித்தியாசமும் வகுபடாது. ஏழு பகா எண் என்பதால் பாதியை இங்கிருந்தும் பாதியை அங்கிருந்தும் பொறுக்கிக்கொள்ளவும் அதனால் முடியாது.

இப்போது இரு பக்கமும் எல்லாவற்றையும் பெருக்குவோம். முதல் வரிசையின் பெருக்கல் 3⁶ × 720. இரண்டாவது வரிசையின் பெருக்கல் வெறும் 720, அதாவது 1 × 2 × 3 × 4 × 5 × 6. ஏழால் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே மீதி. அப்படியானால் 720 × (3⁶ − 1) ஏழால் வகுபட வேண்டும். 720-க்குள் ஏழு இல்லை. ஆகவே 3⁶ − 1 ஏழால் வகுபட்டே தீரும். அவ்வளவுதான் நிரூபணம். 7-க்குப் பதில் எந்தப் பகா எண்ணைப் போட்டாலும் இதே வாதம் ஓடும்.

பகு எண்ணில் இது எங்கே உடைகிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். 15-ஐ எடுத்து, 1 முதல் 14 வரை இரண்டால் பெருக்கினாலும் மீதிகள் இடம் மாறி அதே பதினான்கு எண்களாகத்தான் வரும். அதுவரை சிக்கல் இல்லை. கடைசிப் படியில்தான் மாட்டிக்கொள்கிறது. 1 × 2 × 3 × … × 14 என்ற பெருக்கலுக்குள் 3-உம் 5-உம் இருக்கின்றன, அதனால் அதுவே 15-ஆல் வகுபட்டுவிடுகிறது. அதை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. 2¹⁴-ஐ 15-ஆல் வகுத்தால் மீதி 1 வரலாம், வராமலும் போகலாம். உண்மையில் 4 வருகிறது.

சோதனை இங்கேதான் பிறக்கிறது. n என்ற எண்ணைக் கொடுத்தால், n-ஐவிடச் சிறிய ஏதோ ஒரு a-வை எடுத்து aⁿ⁻¹-ஐ n-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 1 வராவிட்டால் n பகா எண் இல்லை. இதில் 'ஒருவேளை' என்பதற்கே இடமில்லை. 1 வந்தால்? பகா எண்ணாக இருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

91-ஐ விசாரிப்போம்

a = 2 என்று எடுத்தால் 2⁹⁰-ஐ 91-ஆல் வகுக்க வேண்டும். 2⁹⁰ என்பது 28 இலக்க எண், பார்த்தாலே பயமாக இருக்கும். அதை முழுசாக எழுதவே தேவையில்லை. ஒவ்வொரு படியிலும் 91-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதை வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் போதும்.

2¹-க்கு மீதி 2. வர்க்கப்படுத்தினால் 2²-க்கு 4. மறுபடி வர்க்கம், 2⁴-க்கு 16. அடுத்து 16 × 16 = 256, அதில் 182 போக 74. இது 2⁸-இன் மீதி. அடுத்து 74 × 74 = 5476, இதில் 91 × 60 = 5460 போனால் 16. இது 2¹⁶-இன் மீதி. 16 ஏற்கெனவே வந்த எண் என்பதால் மேலே கணக்கே போட வேண்டாம். 2³²-க்கு 74, 2⁶⁴-க்கு மறுபடி 16.

90-ஐ இரண்டின் அடுக்குகளாகப் பிரித்தால் 64 + 16 + 8 + 2. ஆகவே அந்த நான்கு மீதிகளையும் பெருக்கினால் போதும். 16 × 16-க்கு மீதி 74. அதை 74-ஆல் பெருக்கினால் 16. அதை 4-ஆல் பெருக்கினால் 64.

மீதி 64 வந்திருக்கிறது, 1 இல்லை. எனவே 91 பகு எண். கவனித்தீர்களா, 7-ஐயும் 13-ஐயும் நாம் தொடவே இல்லை. எந்தெந்த எண்களின் பெருக்கல் என்று தெரியாமலேயே, ஏதோ இரண்டின் பெருக்கல் என்று மட்டும் உறுதியாகத் தெரிந்துவிட்டது.

90 என்ற அடுக்குக்கு ஆறு வர்க்கங்களும் மூன்று பெருக்கல்களும் போதுமானதாக இருந்தன. 300 இலக்க அடுக்குக்கு ஆயிரம் சொச்சம் வர்க்கங்களும், அதிகம் போனால் அதே அளவு பெருக்கல்களும் ஆகும். கணினிக்கு அது கண் சிமிட்டும் நேரம்.

பைத்தானில் எழுதினால் இவ்வளவுதான்:

```python
import random

def fermat(n, k=20):      # n > 4
    for _ in range(k):
        a = random.randrange(2, n - 1)
        if pow(a, n - 1, n) != 1:
            return False
    return True
```

இங்கே `pow`-க்கு மூன்று மதிப்புகள் கொடுத்திருப்பதைப் பாருங்கள். முதன்முதலில் நான் இதை எழுதியபோது `a**(n-1) % n` என்று எழுதி வைத்தேன். 91-க்கும் 561-க்கும் அழகாக ஓடியது. 300 இலக்க எண்ணைக் கொடுத்ததும் மடிக்கணினியின் விசிறி சத்தம் போட ஆரம்பித்தது, விடை வரவே இல்லை. வராததில் ஆச்சரியமில்லை. முதலில் முழு அடுக்கையும் கணக்கிட்டு அப்புறம் வகு என்று நான் சொல்லியிருந்தேன். அந்த எண்ணின் இலக்கங்களை எழுதப் பிரபஞ்சத்தில் இருக்கும் அணுக்கள் போதாது. மூன்று மதிப்புகளோடு வரும் `pow` நாம் மேலே கையால் செய்ததைப்போல ஒவ்வொரு படியிலும் மீதியை எடுத்துக்கொண்டே போகும்.

சி மாதிரியான மொழிகளில் எழுதுபவர்களுக்கு வேறொரு குழி காத்திருக்கிறது. இரண்டு மீதிகளைப் பெருக்கும்போது விடை மாறியின் கொள்ளளவைத் தாண்டி வழிந்துவிடும். மொழி பெரும்பாலும் புகார் சொல்லாது, தப்பான எண்ணைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். 32 பிட் மாறியில் இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. 1000003 ஒரு பகா எண். அதை உங்கள் நிரல் பகு எண் என்று சொன்னால் தப்பு உங்கள் நிரலில்தான். உண்மையான பகா எண் இந்தச் சோதனையில் ஒருமுறைகூடத் தோற்க முடியாது. தெரிந்த பகா எண் தோற்றால் கணக்கைச் சந்தேகப்படாதீர்கள், நிரலைத் திறந்து பாருங்கள்.

பொய்ச்சாட்சிகள்

91-இடம் 2-ஐ வைத்துக் கேள்வி கேட்டோம். 3-ஐ வைத்துக் கேட்டிருந்தால்?

3⁶ = 729. மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன 728 இதோ வருகிறது. 91 × 8 = 728. அதாவது 3⁶-ஐ 91-ஆல் வகுத்தாலும் மீதி 1. 90 என்பது 6 × 15. எனவே 3⁹⁰ என்பது 3⁶-ஐ 15 முறை பெருக்கியது, மீதி 1 × 1 × … × 1. விடை 1. சோதனையில் 91 ஜோராகத் தேறிவிட்டது.

இப்படிப்பட்ட a-வை ஆங்கிலத்தில் பொய்யர் என்றே சொல்கிறார்கள், எண்ணின் குட்டை உடைக்கும் a-வைச் சாட்சி என்கிறார்கள். நம் நீதிமன்ற வழக்குப்படி முன்னதைப் பொய்ச்சாட்சி என்று வைத்துக்கொள்ளலாம். 91 வழக்கில் 2 உண்மைச் சாட்சி, 3 பொய்ச்சாட்சி. எண்ணைப் பொறுத்துச் சாட்சி மாறும். 341-க்கு 2-தான் பொய்ச்சாட்சி, ஏனென்றால் 2¹⁰ = 1024 = 3 × 341 + 1. அங்கே 3-ஐ வைத்துக் கேட்டால் மீதி 56 வந்து, 341 = 11 × 31 பகு எண் என்பது அம்பலமாகிவிடும்.

அப்படியானால் பொய்ச்சாட்சிகள் எத்தனை பேர்? 91-க்கு 1 முதல் 90 வரை எல்லா a-வையும் போட்டுப் பார்க்கலாம். 7-இன் மடங்குகளும் 13-இன் மடங்குகளும் சேர்த்து 18 இருக்கின்றன. இவை 91-உடன் பொதுக் காரணி உள்ளவை, இவற்றுக்கு மீதி 1 வரவே வராது. மிச்சம் 72. அதில் 36 உண்மை சொல்கின்றன, 36 பொய் சொல்கின்றன. சரிபாதி.

இந்தச் சரிபாதிக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, மொத்தச் சோதனையும் அதன் மேல்தான் நிற்கிறது. பொய்ச்சாட்சி 3-ஐ உண்மைச் சாட்சி 2-ஆல் பெருக்குங்கள், 6 வரும். 6⁹⁰ என்பது 3⁹⁰ × 2⁹⁰. மீதி 1 × 64, அதாவது 64. ஆக 6 ஓர் உண்மைச் சாட்சி. இதேபோல ஒவ்வொரு பொய்ச்சாட்சியையும் 2-ஆல் பெருக்கினால் ஒவ்வோர் உண்மைச் சாட்சி கிடைக்கும். வெவ்வேறு பொய்ச்சாட்சிகளைப் பெருக்கினால் வெவ்வேறு விடைகள்தான் வரும், ஏனென்றால் 2-க்கும் 91-க்கும் பொதுக் காரணி இல்லை. ஆகவே உண்மைச் சாட்சிகள் பொய்ச்சாட்சிகளைவிடக் குறைவாக இருக்க வழியே இல்லை.

91-க்குப் பதில் எந்தப் பகு எண்ணைப் போட்டாலும் இந்த வாதம் நிற்கும், ஒரு நிபந்தனையோடு. அந்த எண்ணுடன் பொதுக் காரணி இல்லாத உண்மைச் சாட்சி ஒன்றாவது இருக்க வேண்டும். ஒன்று இருந்துவிட்டால் குறைந்தது பாதிப் பேர் உண்மை பேசுவார்கள். a-வைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் ஒருமுறை ஏமாற வாய்ப்பு பாதிக்கு மேல் போகாது. 20 முறை புதிதாக எடுத்தால், இருபது முறையும் ஏமாற வாய்ப்பு 10 லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. நிரலில் `k=20` இருப்பது அதற்காகத்தான்.

இந்த வாய்ப்புக் கணக்கில் சறுக்காத ஆளைப் பார்ப்பது அரிது. 20 முறை தேறிய எண், "99.9999 சதவீதம் பகா எண்" என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். எண் ஒன்று பகா எண்ணாக இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது, அதில் சதவீதம் கிடையாது. சதவீதம் நம் கேள்விகளுக்கு உரியது. இது பகு எண்ணாக இருந்திருந்தால் இத்தனை கேள்விகளிலும் தப்பித்திருக்குமா என்பதைத்தான் அந்தக் கணக்கு சொல்கிறது. அதனால்தான் யாருக்கும் முன்கூட்டியே தெரியாதபடி a-வை எடுக்க வேண்டும். எப்போதும் 2-ஐயும் 3-ஐயும் மட்டுமே கேட்கும் நிரல் என்று எதிராளிக்குத் தெரிந்தால், அந்த இரண்டு கேள்விகளிலும் தேறும் பகு எண்ணைத் தேடி எடுத்து நீட்டிவிடுவான்.

எதிராளி இல்லாமல், நாமே குருட்டாம்போக்கில் எண் எடுத்துச் சோதித்தால் நிலைமை எவ்வளவோ மேல். 10 லட்சத்துக்குள் பகா எண்கள் 78,498. a = 2 என்ற ஒரே கேள்வியில் தப்பித்துவிடும் பகு எண்கள் வெறும் 245. எண்கள் பெரிதாகப் பெரிதாக ஏமாற்றுக்காரர்களின் பங்கு இன்னும் சுருங்கிக்கொண்டே போகிறது.

டாக்சி எண்ணின் இன்னொரு முகம்

மேலே ஒரு நிபந்தனை வைத்தேன், உண்மைச் சாட்சி ஒன்றாவது இருக்க வேண்டும் என்று. ஒன்றுகூட இல்லாத எண்கள் உண்டா?

உண்டு, அதில் ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்த எண். லண்டனின் பட்னியில் உடல்நலமின்றி இருந்த ராமானுஜனைப் பார்க்க ஹார்டி 1729 என்ற எண்ணுள்ள டாக்சியில் போன கதையைக் கேள்விப்படாதவர் குறைவு. அது ஒன்றும் சுவையான எண் இல்லையே என்று ஹார்டி சொல்ல, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் பதில் சொன்னார். 1729 = 12³ + 1³ = 10³ + 9³.

இப்போது அந்த எண்ணை நம் சோதனைக்கு உட்படுத்துவோம். 1729 = 7 × 13 × 19, பகு எண்தான். சோதனையில் வரும் அடுக்கு 1728, அதாவது 12³. 12-இன் கனம் என்பதால் அதற்கு வகுத்திகள் ஏராளம். அங்கேதான் வினை. ஏழைப் பொறுத்தவரை, a⁶-க்கு மீதி 1 என்று ஃபெர்மா சொல்லியிருக்கிறார். 1728 = 6 × 288, ஆகவே a¹⁷²⁸-ஐ ஏழால் வகுத்தாலும் மீதி 1. பதின்மூன்றுக்கு a¹²-இல் மீதி 1, 1728 = 12 × 144. பத்தொன்பதுக்கு a¹⁸-இல் மீதி 1, 1728 = 18 × 96. மூன்று பகா எண்களும் ஒரே குரலில் 1 என்கின்றன. ஆகவே 1729-ஆல் வகுத்தாலும் மீதி 1. 7, 13, 19 ஆகியவற்றால் வகுபடாத எந்த a-வை எடுத்தாலும் இதே விடைதான்.

இந்த வகை எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். அமெரிக்கரான கார்மைக்கேல் 1910-இல் இவற்றைப் பற்றி எழுதினார். அதற்கு முன்பே, 1885-இல், செக் நாட்டுக்காரரான ஷிமெர்கா முதல் ஏழு எண்களையும் பட்டியல் போட்டிருந்தார், பாவம், யாரும் கவனிக்கவில்லை. மிகச் சிறியது 561, அடுத்தது 1105, மூன்றாவது நம் 1729. 10 லட்சத்துக்குள் மொத்தம் 43தான். ஆனால் அவை முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் என்று ஆல்ஃபர்ட், கிரான்வில், பொமரன்ஸ் மூவரும் 1994-இல் நிரூபித்துவிட்டார்கள்.

1729-ஐ வைத்து மேலே கொடுத்த நிரலை ஓட்டினால் அந்த எண் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1 முதல் 1728 வரை நான்கில் ஒன்று 7, 13, 19 இவற்றில் ஏதோ ஒன்றின் மடங்கு. இருபது முறை எடுத்தால் அதில் ஒன்று சிக்கிவிடும். ஆனால் அது சோதனையின் சாமர்த்தியம் இல்லை, காரணிகள் சிறியவை என்பதால் கிடைத்த அதிர்ஷ்டம். நூறு இலக்கப் பகா எண்கள் மூன்றின் பெருக்கலாக ஒரு கார்மைக்கேல் எண் இருந்தால், அவற்றின் மடங்கு தற்செயலாகக் கையில் அகப்படவே அகப்படாது. இருபது முறை என்ன, இருபது கோடி முறை கேட்டாலும் மீதி 1 என்றே பதில் வரும்.

குறுக்கு விசாரணை

இதைச் சரிசெய்யப் புதிய தேற்றம் ஒன்றும் வேண்டாம், அதே கணக்கை நடுவழியில் நின்று கவனித்தால் போதும். கேரி மில்லர் 1976-இலும் மைக்கேல் ராபின் 1980-இலும் எழுதியவற்றிலிருந்து வந்த இந்த முறைக்கு மில்லர்–ராபின் சோதனை என்று பெயர். இன்றைக்குச் சாவி செய்யும் மென்பொருள்களில் ஓடுவது பெரும்பாலும் இதுதான்.

ஒரு சின்ன உண்மை போதும். x²-ஐப் பகா எண் p-ஆல் வகுத்து மீதி 1 வந்தால், x² − 1 என்பது p-ஆல் வகுபடும். அதையே (x − 1) × (x + 1) என்று எழுதலாம். p பகா எண் என்பதால் இரண்டில் ஒன்றை முழுசாக வகுத்தே ஆக வேண்டும். அப்படியானால் x-இன் மீதி 1 ஆக இருக்கும், இல்லாவிட்டால் p − 1 ஆக இருக்கும். மூன்றாவது எண்ணுக்கு இடமே இல்லை.

91-க்கு வந்த பொய்ச்சாட்சி 3-ஐ மறுபடி கூண்டில் ஏற்றுவோம். 3⁹⁰-க்கு மீதி 1 என்றது. சரி, அதற்கு ஒரு படி முன்னால், 3⁴⁵-க்கு என்ன? 3⁶-க்கு மீதி 1 என்று தெரியும். 45-இல் ஏழு ஆறுகள் போக மிச்சம் 3, எனவே 3³ = 27. இதை வர்க்கப்படுத்தினால் 729, மீதி 1. ஆனால் 27 என்பது 1-உம் இல்லை, 90-உம் இல்லை. பகா எண்ணில் வரவே கூடாத மூன்றாவது எண் வந்துவிட்டது. 91-இன் குட்டு வெளிப்பட்டது.

27-க்கு இருபுறமும் உள்ள எண்களைப் பாருங்கள், 26-உம் 28-உம். இரண்டையும் பெருக்கினால் மறுபடியும் அதே 728. அது 91-ஆல் வகுபடுகிறது, ஆனால் 26 வகுபடாது, 28-உம் வகுபடாது. அப்படியானால் 91 தன்னை இரண்டாகப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்திருக்கிறது. 26-இல் 13 இருக்கிறது, 28-இல் 7 இருக்கிறது.

இந்த முறையில் எந்தப் பகு எண்ணுக்கும், கார்மைக்கேல் எண்ணாகவே இருந்தாலும், பொய்ச்சாட்சிகள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருக்க முடியாது. இருபது முறை கேட்டால் ஏமாறும் வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. சந்தேகமே இல்லாத முழு உறுதியை வேகமாகத் தரும் வழியும் இருக்கிறது. ஐஐடி கான்பூரின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் 2002-இல் கொடுத்தது அது. ஆனால் நடைமுறையில் அது மில்லர்–ராபினைவிட மிக மெதுவாக ஓடுவதால் சாவி செய்பவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

கடைசியாக 1729. 1728-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் 864, 432, 216, 108, 54, 27. ஒற்றைப்படை வந்ததும் நிற்க வேண்டும். a = 2 என்று எடுத்து அடியிலிருந்து ஏறுவோம். 2²⁷-ஐ 1729-ஆல் வகுத்தால் மீதி 645. அதை வர்க்கப்படுத்தினால் 2⁵⁴-க்கு 1065. அதையும் வர்க்கப்படுத்தினால் 2¹⁰⁸-க்கு 1. அங்கிருந்து 1728 வரை எல்லாம் 1-தான், அதனால்தான் ஃபெர்மா சோதனைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் 1 வருவதற்குச் சற்று முன்னால் நின்றது 1065. அது 1-உம் இல்லை, 1728-உம் இல்லை.

இதற்கும் இருபுறம் பார்க்கலாம், 1064-உம் 1066-உம். 1066-க்கும் 1729-க்கும் மீப்பெரு பொது வகுத்தி 13. 1064-க்கும் 1729-க்கும் 133, அதாவது 7 × 19. ஃபெர்மா சோதனையில் பொதுக் காரணி இல்லாத 1296 எண்களை வைத்துக் கேட்டும் வாய் திறக்காத எண், இங்கே 2 என்ற முதல் கேள்வியிலேயே காரணிகளையும் சேர்த்துக் கொட்டிவிட்டது. 91-இடம் இதே 2-ஐ வைத்துக் கேட்டபோது கிடைத்ததோ 64 என்ற மீதி மட்டும்தான். 7-ஐயும் 13-ஐயும் அது நேராகச் சொல்லவில்லை.